எஃப்.டி-ய பாதியில உடைச்சா வட்டி ஏன் இவ்ளோ குறையுது? காவேரிப்பட்டணம் மாமா கணக்கோட கேள்வி பதில்

எஃப்.டி-ய முன்னாடியே எடுத்தா 1% தான் பிடிப்பாங்கன்னு சொன்னாங்க, ஆனா எனக்கு அதுக்கு மேல போயிருக்கே, கணக்கு தப்பா?

கணக்கு சரியாத்தான் இருக்கும்ங்க, உங்ககிட்ட சொன்னவங்க பாதிய சொல்லிட்டு மீதிய விட்டுட்டாங்க. நான் கிருஷ்ணகிரில ஒரு பேங்க்ல டெபாசிட் கவுண்டர்ல ஒம்போது வருஷம் உக்காந்திருந்தேன், அங்க எஃப்.டி உடைக்க வந்தவங்கள்ல பத்துல எட்டு பேரு இதே கேள்விய கேட்டிருக்காங்க, அதுவும் பணம் கைக்கு வந்த பிறகுதான் கேப்பாங்க.

வட்டி ரெண்டு தடவ குறையுது. நாலு லட்சத்த ரெண்டு வருஷத்துக்கு 7% ல போட்டிருந்தீங்கன்னு வெச்சுக்குங்க. மொதல்ல, பாண்டுல போட்டிருக்குற அந்த 7% அப்படியே ஓரம் போயிடும். அந்த 7% ரெண்டு வருஷம் பணத்த தொடாம இருப்பேன்னு நீங்க சொன்னதுக்காக குடுத்த ரேட்டு. பணம் எத்தன நாள் உள்ள இருந்துச்சோ அந்த நாளுக்கு என்ன ரேட்டோ அதைத்தான் இப்ப எடுப்பாங்க. பதினோரு மாசம் இருந்திருந்தா பதினோரு மாச டெபாசிட்டோட ரேட்டு, அது 7% ஆ இருக்காது, 5.75% ஆ இருக்கலாம். அப்புறம் அந்த 5.75% லேர்ந்துதான் பெனால்டி 1% கழிப்பாங்க. ஆக கைல நிக்கறது 4.75%. நீங்க 7 லேர்ந்து ஒண்ணு போனா 6 வரும்னு மனசுல கணக்கு போட்டுட்டு வந்திருப்பீங்க, அதான் இடிக்குது.

இன்னொண்ணு, அந்த பதினோரு மாச ரேட்டுன்றது இன்னைக்கு பேங்க் போர்டுல எழுதியிருக்குற ரேட்டு இல்ல. நீங்க டெபாசிட் போட்ட அன்னைக்கு பதினோரு மாசத்துக்கு என்ன ரேட்டு இருந்துச்சோ அது. இத மட்டும் மனசுல வெச்சுக்குங்க, கீழ கணக்குல திரும்ப வரும்.

நம்ம பணத்த நாம எடுக்கறோம், பேங்குக்கு இதுல என்ன போச்சு?

பால்காரர் கணக்கு மாதிரி யோசிச்சு பாருங்க. மாசம் பூரா தெனமும் ரெண்டு லிட்டர் வாங்கறேன்னு சொன்னா லிட்டருக்கு ஒரு ரூபா குறைச்சு குடுப்பாரு, நீங்க பத்து நாள்ல நிறுத்திட்டா அந்த பத்து நாளுக்கு சில்லறை விலைய கேப்பாரு இல்லீங்களா, அது மாதிரிதான் இதுவும்.

பேங்க் உங்க நாலு லட்சத்த பெட்டில வெச்சு பூட்டறதில்ல. ரெண்டு வருஷத்துக்கு இந்த பணம் இருக்கும்னு நம்பி அத டிராக்டர் லோனாவோ வீட்டு லோனாவோ வெளிய விட்டிருக்கும். லோன் வாங்கினவர்கிட்ட போயி "எங்க டெபாசிட்காரர் கேக்கறாரு, நீங்க நாளைக்கே கட்டுங்க"ன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு குடுக்க வேற எங்கயாவது புரட்டணும், அன்னைக்கு மார்க்கெட்ல வட்டி ஏறியிருந்தா கூட குடுத்துதான் புரட்டணும். ஏறும்போதுதான் ஜனங்களும் அதிகமா உடைக்க வருவாங்க, வேற எடத்துல கூட கெடைக்குதுன்னு. அந்த செலவுக்குத்தான் பெனால்டி.

பெனால்டி எவ்ளோன்றத ரிசர்வ் பேங்க் நிர்ணயம் பண்றதில்ல, ஒவ்வொரு பேங்கும் தானா வெச்சுக்கலாம், ஆனா டெபாசிட் போடும்போதே உங்களுக்கு தெரியப்படுத்தியிருக்கணும். அதனாலதான் ஒரு பேங்க்ல அரை பர்சென்ட், பக்கத்து பேங்க்ல ஒரு பர்சென்ட், சில எடத்துல பெனால்டியே இல்லன்னு இருக்கு, பெரிய தொகைக்கு ஒரு ரேட்டு சின்ன தொகைக்கு ஒரு ரேட்டுன்னும் வெச்சிருப்பாங்க. பெனால்டி இல்லன்னு சொல்ற எடத்துலயும் மொத வெட்டு, அதாவது நாளுக்கு தகுந்த ரேட்டுக்கு எறக்கறது, பெரும்பாலும் இருக்கும். விளம்பரத்துல அத பத்தி எழுத மாட்டாங்க.

ஒரு உண்மையான தொகைய வெச்சு கணக்கு போட்டு காட்டுங்களேன்?

எங்க சின்னமாமா கதையவே சொல்றேன், தொகையும் ரேட்டும் கணக்கு சுலபமா புரியட்டும்னு நான் வட்டமாக்கி வெச்சிருக்கேன். அவருக்கு காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. 2024 ஜூன் 10 அன்னைக்கு மாங்கா வித்த காசு நாலு லட்சத்த ரெண்டு வருஷ எஃப்.டி-ல போட்டாரு, 7%, மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி அசலோட சேர்ற மாதிரி. 2025 மே மாசம் பழைய போர்ல தண்ணி நின்னு போச்சு, காய் மரத்துல இருக்கு, புது போர் போட்டே ஆகணும். போர்வண்டி, கேசிங் பைப்பு, மோட்டார்னு மூணரை லட்சம் ஆகும்னு சொல்லிட்டாங்க. மே 10 அன்னைக்கு நேரா போயி எஃப்.டி-ய உடைச்சுட்டாரு, எனக்கு ஒரு போன் கூட இல்ல. பணம் வந்த அப்புறம்தான் "ஏன்டா மாப்ள, என்னடா இவ்ளோதான் குடுத்திருக்காங்க"ன்னு கூப்பிட்டாரு.

அவரு டெபாசிட் போட்ட அன்னைக்கு ரேட் கார்டு இப்படி இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க. 46 நாள்லேர்ந்து 179 நாள் வரைக்கும் 5%. 180 நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்கு உள்ள 5.75%. ஒரு வருஷம் முழுசா முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு உள்ள 6.5%. ரெண்டு வருஷம்னா 7%. முன்னாடியே எடுத்தா பெனால்டி 1%.

கூட்டு வட்டிக்கு ஃபார்முலா இதுதான், P அசல், r வருஷ வட்டி பர்சென்ட்ல, n எத்தன மூணு மாசம்ன்றது:

```
A = P × (1 + r/400)^n
```

ரெண்டு வருஷமும் விட்டிருந்தா எட்டு தடவ வட்டி சேர்ந்து 2026 ஜூன் 10 அன்னைக்கு 4,59,553 ரூபா வந்திருக்கும், அதாவது வட்டி மட்டும் 59,553. சரி, அது விடுங்க, ரெண்டு வருஷம் இருக்கல. மாமா உடைச்ச அன்னைக்கு பணம் உள்ள இருந்தது 334 நாள். மார்ச் 10 வரைக்கும் மூணு தடவ மூணு மாசம் முழுசா முடிஞ்சிருக்கு, அதுக்கு மேல 61 நாள் உதிரி. உதிரி நாளுக்கு சாதா வட்டி போடுவாங்க.

7% லயே அந்த 334 நாளுக்கு கணக்கு போட்டா வட்டி 26,299 ரூபா. பாஸ்புக்ல, மொபைல் ஆப்ல எல்லாம் இந்த ரேட்டுல சேர்ந்த வட்டிதான் கண்ணுல பட்டுட்டு இருந்திருக்கும், மாமா மனசுல இருந்ததும் அந்த தொகைதான், "ஒரு பர்சென்ட் போனா போகட்டும்"னு நெனச்சு 6% ல பாத்திருந்தா 22,465 வரும்னு எதிர்பாத்திருப்பாரு.

இப்ப பேங்க் போட்ட கணக்கு. 334 நாள்ன்றது 180 நாளுக்கு மேல, ஒரு வருஷத்துக்கு உள்ள, அதனால 5.75%. பெனால்டி ஒண்ணு போனா 4.75%. மூணு மாசத்துக்கு 4.75 ஐ நாலால வகுத்தா 1.1875%. நாலு லட்சத்துக்கு மூணு தடவ அது சேர்ந்தா மார்ச் 10 அன்னைக்கு 4,14,420. அதுக்கு மேல 61 நாளுக்கு 4.75% சாதா வட்டி 3,290. மொத்தம் கைக்கு வந்தது 4,17,710, வட்டி 17,710.

26,299 எங்க, 17,710 எங்க, 8,589 ரூபா இல்ல. இப்ப இந்த 8,589 ஐ பிரிச்சு பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. பெனால்டியே இல்லாம வெறும் 5.75% ல போட்டா வட்டி 21,511 வரும். அப்ப 7 லேர்ந்து 5.75 க்கு எறக்கினதுல மட்டும் 4,788 போயிருக்கு, பெனால்டின்னு பேர் வெச்சு எடுத்தது 3,801 தான். எல்லாரும் பெனால்டிய திட்டுவாங்க, பெரிய வெட்டு பேர் இல்லாம முன்னாடியே விழுந்திருக்கும்.

ஒரு மாசம் தள்ளி எடுத்திருந்தா ஏதாச்சும் மாறியிருக்குமா?

மாமாகிட்ட நான் இதத்தான் சொன்னேன், அவருக்கு இன்னும் கோவம் வந்துடுச்சு. ரேட் கார்டு படிக்கட்டு மாதிரிங்க, சரிவு மாதிரி இல்ல. 334 நாளும் 5.75% தான், 364 நாளும் 5.75% தான், ஒரு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு ஒரே தாவல்ல 6.5%. அந்த ரேட்டு கடைசி நாள்களுக்கு மட்டும் இல்ல, மொத நாள்லேர்ந்து மொத்த காலத்துக்கும் பொருந்தும்.

2025 ஜூன் 10 அன்னைக்கு உடைச்சிருந்தா 6.5 ல ஒண்ணு போயி 5.5%, நாலு தடவ சேர்ந்து வட்டி 22,458. மே 10 க்கு வந்த 17,710 ஓட ஒப்பிட்டா 31 நாள்ல 4,748 ரூபா கூட. அதனால உடைக்கற முடிவுக்கு வந்தாலும் மொதல்ல பாண்ட எடுத்து தேதிய பாருங்க, அடுத்த படிக்கட்டுக்கு எத்தன நாள் இருக்குன்னு எண்ணுங்க. பத்து பதினஞ்சு நாள்னா போர்வண்டிகாரர்கிட்ட அட்வான்ஸ் மட்டும் குடுத்துட்டு மீதிக்கு தவணை கேக்கலாம், மோட்டார் கடைலயும் தெரிஞ்சவங்களா இருந்தா ஒத்துக்குவாங்க. அதே சமயம் 370 ஆவது நாள்ல உடைக்க வர்றவர "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க"ன்னு நிறுத்தறதுல பெருசா ஒண்ணும் இல்ல, அடுத்த படி ரொம்ப தூரம்.

நாள் எண்ணும்போது கவனம். ரசீதுல "ஒரு வருஷம்"னு போட்டிருக்கா இல்ல "365 நாள்"னு போட்டிருக்கான்னு பாருங்க, லீப் வருஷம் வந்தா ஒரு நாள்ல படி தவறி போயிடும்.

உடைக்காம அது மேலயே லோன் வாங்கினா?

பெரும்பாலான சமயத்துல இதுதான் மலிவு, ஆனா எப்பவும் இல்ல. எஃப்.டி மேல லோன்னா சாதாரணமா தொகைல 90% வரைக்கும் குடுப்பாங்க, வட்டி எஃப்.டி ரேட்ட விட 1% கூட இருக்கும், சில எடத்துல அதுக்கு மேலயும் கேப்பாங்க. ஜாமீன், சிட்டா, ஐ.டி ரிட்டர்ன்னு ஒண்ணும் தேவையில்ல, பாண்டுக்கு பின்னாடி கையெழுத்து போட்டு குடுத்தா அன்னைக்கே முடிஞ்சுடும்.

மாமாவுக்கு நாலு லட்சத்துல 90% னா 3,60,000, அவருக்கு தேவை மூணரை லட்சம், அப்ப பொருந்துது. 8% வட்டிக்கு மூணரை லட்சம் வாங்கி, ஜூன் 10 வாக்குல மாங்கா காசு வந்ததும் கட்டியிருந்தா 31 நாளுக்கு வட்டி 2,378 ரூபா. அந்த 31 நாளும் எஃப்.டி அது பாட்டுக்கு 7% ல ஓடிட்டிருக்கும், அதுலயே ரெண்டாயிரத்து ஐநூறு கிட்ட வட்டி ஏறும். அதாவது செலவே இல்லாத மாதிரி. உடைச்சதுல போனது 8,589.

சரி, மாங்கா வெலை படுத்துடுச்சு, மெச்சூரிட்டி வரைக்கும் 13 மாசமும் கட்ட முடியலன்னு வெச்சுக்குங்க. மாசாமாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தா 396 நாளுக்கு 30,378 ஆகும். பெரிய தொகையா தெரியுது, ஆனா அதே 13 மாசத்துல எஃப்.டி-ல 33,254 ஏறியிருக்கும், அப்பவும் லோன் பக்கம்தான் லாபம். மாச வட்டிய கட்டாம விட்டா அது லோன்லயே ஏறி வட்டிக்கு வட்டி ஆகும், அது வேற கதை.

அப்ப எப்ப உடைக்கறது நல்லது? டெபாசிட் போட்டு கொஞ்ச நாள்தான் ஆச்சு, ஆனா பணம் ரொம்ப நாளைக்கு வேணும்ன்ற நெலமைல. மாமா ரெண்டே மாசத்துல உடைச்சிருந்தா 5 ல ஒண்ணு போயி 4%, இழப்பு 3%, அதுவும் ரெண்டே மாசத்துக்கு, நாலு லட்சத்துக்கு கிட்டத்தட்ட 2,000 ரூபாதான். அதுக்கு பதிலா 22 மாசம் லோன் வெச்சிருந்தா அந்த ஒரு பர்சென்ட் வித்தியாசம் மட்டுமே மூணரை லட்சத்துக்கு 6,400 கிட்ட வரும். உடைக்கற இழப்பு இதுவரைக்கும் எத்தன நாள் ஓடிச்சோ அதப் பொறுத்தது, லோன் செலவு இனிமே எத்தன நாள் வேணுமோ அதப் பொறுத்தது. பழைய டெபாசிட், கொஞ்ச நாள் தேவைன்னா லோன். புது டெபாசிட், நீண்ட நாள் தேவைன்னா உடைச்சுடுங்க.

எங்கம்மா மாசாமாசம் வட்டி வாங்கற டெபாசிட்ட உடைச்சப்ப அசலையே குறைச்சு குடுத்துட்டாங்க, இது அநியாயம் இல்லையா?

பாக்க அநியாயமாத்தான் இருக்கும், பாலக்கோடு சந்தைல காய் விக்கற அக்கா ஒருத்தங்க இதுக்காக கவுண்டர்ல என்கிட்ட சத்தம் போட்டதே இருக்கு. ஆனா திருட்டு இல்லீங்க.

ரெண்டு லட்சம், 7%, மாச வட்டின்னு வெச்சுக்குங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ தர வேண்டியத முன்னாடியே மாசாமாசம் தர்றதால கொஞ்சம் கழிச்சு 1,160 ரூபா கிட்ட அம்மா கணக்குல விழும். பதினோரு மாசத்துல 12,760 வாங்கியாச்சு, செலவும் பண்ணியாச்சு. உடைக்கற அன்னைக்கு பேங்க் திரும்பி பாத்து 4.75% தான் செல்லும்னு கணக்கு போட்டா அவங்களுக்கு சேர வேண்டியது 8,600 சொச்சம்தான். கூட குடுத்த நாலாயிரத்து சொச்சத்த எங்கேர்ந்து எடுப்பாங்க? அசல்லேர்ந்துதான். அதான் ரெண்டு லட்சத்துக்கு பதிலா 1,95,900 கிட்ட வருது.

கூட்டு வட்டி டெபாசிட்லயும் இதே அளவு வெட்டுதான் விழும், அங்க வட்டி உள்ளயே இருக்கறதால அசலுக்கு மேலதான் தொகை வரும், கண்ணுக்கு தெரியாது. மாச வட்டி வாங்கறவங்க பெரும்பாலும் வயசானவங்க, உடைக்கறதுக்கு முன்னாடியே இத அவங்களுக்கு சொல்லி வெச்சுடுங்க. சீனியர் சிட்டிசனுக்கு தர்ற கூடுதல் அரை பர்சென்ட், ஓடின காலத்துக்கான ரேட்டுலயும் சேர்த்து தருவாங்க, அது போயிடாது.

இப்ப வட்டி ஏறிடுச்சு, பழைய எஃப்.டி-ய உடைச்சு புது ரேட்டுல போடலாமா?

ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்குற பசங்க இத அடிக்கடி கேப்பாங்க, கணக்கு போட்டா பாதிக்கு மேல வேண்டாம்னுதான் வரும். நாலு லட்சம், 7%, ஆறு மாசம் ஆச்சு, இப்ப பதினெட்டு மாசத்துக்கு 7.5% தர்றாங்கன்னு வெச்சுக்கலாம். மாத்தினா இனிமே வர்ற ஒன்றரை வருஷத்துல அரை பர்சென்ட் கூட, சுமாரா 3,000 ரூபா லாபம். ஆனா போன ஆறு மாசம் 7 லேர்ந்து 4.75 க்கு எறங்கிடும், அதுல சுமாரா 4,500 போச்சு. மாத்தாதீங்க. போட்டு ஒரு மாசம்தான் ஆச்சு, ஏத்தம் ஒரு பர்சென்ட் இருக்குன்னா அப்ப உக்காந்து கணக்கு போடுங்க.

போன மாசம்தான் பழைய எஃப்.டி தானா ரினீவ் ஆச்சு, மூணு வருஷமா அந்த பேங்க்லதான் பணம் இருக்கு, அந்த மூணு வருஷத்த கணக்குல எடுத்துக்குவாங்களா?

எடுத்துக்க மாட்டாங்க. ரினீவ் ஆன அன்னைக்கு அது புது டெபாசிட், நாள் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பம். பழைய மூணு வருஷ வட்டி முழுசா சேர்ந்தாச்சு, அதுல கைவெக்க மாட்டாங்க, ஆனா இப்ப உடைச்சா ஒரு மாச டெபாசிட் ரேட்டுல பெனால்டி போனதுதான் கெடைக்கும். ஏழு நாளுக்குள்ள உடைச்சா வட்டியே இல்ல. மெச்சூரிட்டி தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல ஒரு அலாரம் வெச்சுக்குங்க, கல்யாணம், காலேஜ் ஃபீஸ்னு செலவு வருதுன்னா ஆட்டோ ரினீவல நிறுத்திட்டு சேவிங்ஸ்ல விழற மாதிரி மாத்துங்க.

தேவைப்பட்ட அளவு மட்டும் எடுத்துட்டு மீதிய விடலாமா?

சில பேங்க்ல ஆகும், சில பேங்க்ல ஆகாது, மொத்தத்தயும் மூடிட்டு மீதிய புதுசா போடுங்கன்னு சொல்லிடுவாங்க. பாதி எடுக்க விடற எடத்துல எடுத்த தொகைக்கு மட்டும்தான் குறைஞ்ச வட்டி, மீதி பழைய 7% லயே ஓடும். இதுக்கெல்லாம் கெஞ்சிட்டு இருக்க வேண்டாம்னா போடும்போதே நாலு லட்சத்த ஒரே பாண்டா போடாம ஒரு லட்சம் ஒரு லட்சமா நாலு பாண்டு வாங்கிடுங்க, ரேட்டு அதேதான், வேலை கொஞ்சம் கூட, அவ்ளோதான். மாமாவுக்கு மூணரை லட்சம் தேவைன்றதால நாலையுமே உடைச்சிருப்பாரு, அவருக்கு இது உதவியிருக்காது. ஆஸ்பத்திரி செலவு எழுபதாயிரம்னு திடீர்னு வந்தா ஒரு பாண்டோட முடிஞ்சுடும்.

உடைக்கவே முடியாத எஃப்.டி, பெனால்டி இல்லாம உடைக்கறதுன்னு ஏதாவது இருக்கா?

வரி சேமிக்கறதுக்காக போடற அஞ்சு வருஷ டெபாசிட் இருக்கு, அத அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுக்கவும் முடியாது, அது மேல லோனும் வாங்க முடியாது. மத்தபடி சாதாரண ஆளு ஒரு கோடி வரைக்கும் போடற டெபாசிட்ல முன்கூட்டி எடுக்கற வசதி இருந்தே ஆகணும்னு 2023 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு, அதுக்கு முன்னாடி அந்த எல்லை பதினஞ்சு லட்சமா இருந்துச்சு.

டெபாசிட்காரர் எறந்துட்டா வாரிசோ நாமினியோ முன்னாடியே எடுக்கும்போது பெனால்டி பிடிக்க கூடாது. இழவு வீட்டு அலைச்சல்ல யாரும் இத கேக்கறதில்ல. ஓடின காலத்துக்கான ரேட்டுதான் தருவாங்க, அந்த ஒரு பர்சென்ட் மட்டும் கழிக்காம இருக்கான்னு பாத்து வாங்குங்க.

போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்லயும் இதே கணக்கா?

வேற கணக்கு, இன்னும் கறாரா இருப்பாங்க. மொத ஆறு மாசம் எடுக்கவே முடியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் போட்டத ஆறு மாசத்துக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா சேவிங்ஸ் வட்டி 4% தான். ரெண்டு வருஷம், மூணு வருஷம் போட்டத ஒரு வருஷத்துக்கு மேல எடுத்தா, முழுசா முடிஞ்ச வருஷத்துக்கு உண்டான ரேட்டுல 2% கழிச்சுட்டு தருவாங்க, உதிரி மாசத்துக்கு சேவிங்ஸ் வட்டி. எங்க பென்னாகரம் சித்தப்பா மாதிரி "போஸ்ட் ஆபீஸ்னா பெனால்டி இருக்காது"ன்னு நம்பிட்டு இருந்துடாதீங்க.

டி.டி.எஸ் ஏற்கெனவே பிடிச்சுட்டாங்க, இப்ப வட்டி குறைஞ்சு போச்சு, அந்த வரி திரும்ப வருமா?

கவர்மென்ட்டுக்கு கட்டியாச்சுன்னா பேங்க் திருப்பி தராது, நீங்க ஐ.டி ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்கணும்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கவுண்டர்ல என்ன கேக்கணும்?

ஒரே ஒரு விஷயம் கேளுங்க, "இன்னைக்கு மூடினா கைக்கு எவ்ளோ வரும், எந்த ரேட்டுல"ன்னு. கம்ப்யூட்டர்ல மூடாமலே அந்த தொகைய பாக்க முடியும், ரெண்டு நிமிஷ வேலை, மொபைல் ஆப்லயும் நெறைய பேங்க்ல மூடற பட்டன அழுத்தினா உறுதி பண்றதுக்கு முன்னாடி தொகைய காட்டும், அத போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. அவங்க சொல்ற ரேட்டுல பெனால்டிய கூட்டி பாருங்க, 4.75 னா 5.75 வரணும். அந்த 5.75 நீங்க டெபாசிட் போட்ட தேதியோட ரேட் கார்டுல உங்க நாளுக்கு நேரா இருக்கான்னு கேளுங்க. பழைய ரேட் கார்டு பேங்க் வெப்சைட்ல தேதி வாரியா பெரும்பாலும் இருக்கும், இல்லன்னா கிளைல கேட்டா எடுத்து குடுப்பாங்க.

தப்பு வர்ற எடம் ரெண்டுதான் நான் பாத்தது. ஒண்ணு, சீனியர் சிட்டிசன்னு கணக்குல ஏத்தாம விட்டிருப்பாங்க, அரை பர்சென்ட் காணாம போயிருக்கும். இன்னொண்ணு, ரினீவ் ஆன டெபாசிட்ல எந்த தேதிலேர்ந்து நாள் எண்ணினாங்கன்றது, அதுக்கு பழைய ரசீதையும் கையோட எடுத்துட்டு போங்க.